இரண்டு வரி அட்டவணை

ஆர் மென்பொருளோடு வரும் `PlantGrowth` தரவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. முப்பது செடிகளின் காய்ந்த எடை அதில் இருக்கிறது. பத்துச் செடிகள் கட்டுப்பாட்டுக் குழு. மற்றவை இரண்டு வகை வளர்ப்பு முறைகளுக்குப் பத்துப் பத்தாக. அதன் ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு இது:

```
          Df Sum Sq Mean Sq F value Pr(>F)
group      2  3.766  1.8832   4.846 0.0159
Residuals 27 10.492  0.3886
```

நான் முதலில் F-ஐப் பார்ப்பதில்லை. கட்டின்மைக் கூறுகள் 2 என்றால் குழுக்கள் மூன்று. 2, 27 இரண்டையும் கூட்டி ஒன்று சேர்த்தால் முப்பது செடிகளும் கணக்கில் வந்துவிடுகின்றன. அடுத்து 0.3886. அதன் வர்க்கமூலம் சுமார் 0.62. ஒரே குழுவுக்குள்ளேயே செடிக்குச் செடி எடை இந்த அளவுக்குச் சிதறுகிறது. அந்தச் சிதறலுக்கு முன்னால் குழுச் சராசரிகளின் விலகல் எவ்வளவு பெரியது என்பதைத்தான் 4.846 சொல்கிறது.

இனி வாக்கியம். மூன்று குழுக்களின் உண்மைச் சராசரிகளும் சமம் என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய F-ஓ இதைவிடப் பெரியதோ வர வாய்ப்பு 1.6 சதவீதம். சராசரிகள் சமமாக இருக்க வாய்ப்பு 1.6 சதவீதம் என்று எழுதினால் பொருளே மாறிவிடும். 5 சதவீத மட்டத்தில் நமக்குக் கிடைக்கும் முடிவு, எல்லாச் சராசரிகளும் சமம் என்ற எடுகோளை மறுக்கிறோம் என்பது மட்டுமே. 'மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன' என்று எழுத இந்த அட்டவணையில் இடமில்லை. 'புதிய முறைகள் பலன் தந்தன' என்று எழுதவும் இடமில்லை.

இந்தத் தரவின் அழகு இதற்குப் பிறகுதான் தெரியும். சராசரிகள்: கட்டுப்பாடு 5.032, முதல் முறை 4.661, இரண்டாம் முறை 5.526. டூக்கி முறையில் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால், கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து முதல் முறையின் வேறுபாடு நிரூபணமாகவில்லை (p = 0.39); இரண்டாம் முறையினுடையதும் அப்படியே (p = 0.20). இரு முறைகளுக்கும் இடையே மட்டும் வேறுபாடு துலங்குகிறது (p = 0.012). கட்டுப்பாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை.

'கட்டுப்பாடும் இரண்டாம் முறையும் சமம்' என்று அவசரப்பட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அந்த வேறுபாட்டின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −0.20 முதல் 1.19 வரை நீள்கிறது. பூஜ்யமும் அதற்குள் இருக்கிறது, ஓர் அலகு லாபமும் இருக்கிறது. சமம் என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை.

நான் எழுதினால் இப்படி முடிப்பேன்: 'குழுச் சராசரிகள் அனைத்தும் சமம் அல்ல, F(2, 27) = 4.85, p = 0.016. இரண்டாம் முறையின் சராசரி எடை முதல் முறையினுடையதைவிட 0.87 அதிகம் (95% இடைவெளி 0.17 முதல் 1.56 வரை). கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து எந்த முறையும் வேறுபடுவதாக இந்தத் தரவு காட்டவில்லை.'