பழைய குறிப்பும் புதிய கோப்பும்

மண்டைதீவில் கணக்கியல் படிக்கும் பிள்ளைகள் பலர் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்து வகுப்புகளுக்குப் போகிறார்கள். அண்ணா, அக்கா படித்த குறிப்பு வீட்டிலேயே இருக்கும். விரிவுரையாளர் பதிவேற்றிய புதிய கோப்பு கைபேசியில் வந்து சேரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது மாறியது என்று குறித்துக்கொண்டு படிக்கும் பழக்கம் நல்லது. ஆனால் வருமான வரிப் பாடத்தில் அந்தப் பழக்கம் எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2023 ஜனவரியிலிருந்து 2025 மார்ச் வரை இலங்கையில் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவாக இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 வீதம் என்று ஏறி, மீதிக்கு 36 வீதம். 2025 ஏப்ரல் 1 முதல் நிவாரணம் 18 இலட்சம். முதற்படி 10 இலட்சமாக அகன்று அதற்கு 6 வீதம். அடுத்த படி நேராக 18 வீதம்.

மாதம் 2 இலட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 24 இலட்சம். பழைய குறிப்பின்படி வரிக்குரியது 12 இலட்சம். வரி 30,000, 60,000, 36,000 என்று சேர்ந்து 1,26,000 ரூபா, அதாவது மாதம் 10,500. புதிய குறிப்பின்படி வரிக்குரியது 6 இலட்சம்தான். வரி 36,000, மாதம் 3,000. பழைய தாளை மட்டும் நம்பியவருக்கு விடை மூன்றரை மடங்காகிவிடும்.

இரு குறிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுவதன் பெரிய பலம், கண் தாண்டிப் போகும் சின்ன மாற்றத்தைப் பிடிப்பது. வட்டிக்கான நிறுத்திவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 ஆனது அப்படிப்பட்டது. நீண்ட பந்தியின் நடுவே ஒரே ஒரு எண்தான் மாறியிருக்கும். ஆனால் மாற்றத்தைக் காட்டுவது வேறு, விளக்குவது வேறு. புதிய அட்டவணையில் 12 வீதப் படி இல்லை என்று ஒப்பீடு சொல்லும். அது தட்டச்சில் விடுபட்டதா, சட்டம் எடுத்ததா என்று அது சொல்லாது. விடுபட்டதென்று நினைத்துப் பேனாவால் திருப்பிச் சேர்த்தால் சரியான குறிப்பைக் கெடுத்ததாகிவிடும். 2025 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டத்தைப் பார்த்தால்தான் ஐயம் தீரும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஒப்பீடு மாறியதைத்தான் காட்டும். மாற வேண்டியிருந்தும் மாறாமல் கிடப்பதைக் காட்டாது. அட்டவணையில் 18 இலட்சம் என்று திருத்திவிட்டு, நான்கு பக்கம் தள்ளியிருக்கும் செய்கணக்கில் 12 இலட்சத்தையே கழித்திருந்தால், அந்தப் பக்கம் இரண்டு கோப்பிலும் ஒன்றாகவே இருக்கும். எந்த அடையாளமும் விழாது. ஆகவே புதிய கோப்பின் செய்கணக்குகளை, அதே கோப்பின் அட்டவணையைக் கொண்டு திரும்பச் செய்து பார்க்க வேண்டும். விடை ஒத்துவராத இடத்தில்தான் பழைய சட்டம் ஒளிந்திருக்கிறது.

மென்பொருளிடம் இந்த வேலையைக் கொடுப்போருக்கு இன்னொரு தொல்லை. பழைய குறிப்பு பாமினி எழுத்துருவிலும் புதியது யுனிகோடிலும் இருந்தால், திரையில் தமிழ் என்று தெரிவது பழைய கோப்பின் உள்ளே `jkpo;` என்றுதான் கிடக்கும். ஒவ்வொரு வரியும் மாறிவிட்டதாக மென்பொருள் காட்டும். முதலில் பாமினியை யுனிகோடாக மாற்றாமல் ஒப்பிடுவதில் பயனில்லை.

பழையதெல்லாம் பிழை என்று தள்ளுவதும் சரியல்ல. வரியில் ஒவ்வொரு விதிக்கும் அதற்குரிய மதிப்பீட்டாண்டு உண்டு. 2022/23 ஆம் ஆண்டையே பாருங்கள். முதல் ஒன்பது மாதத்துக்கு நிவாரணம் 22,50,000, கடைசி மூன்று மாதத்துக்கு 3,00,000. அதே 2 இலட்சம் சம்பளக்காரருக்கு முதல் ஒன்பது மாதம் வரியே இல்லை. கடைசி மூன்று மாதத்துக்கு 31,500 ரூபா. புதிய வீதத்தையோ, 2023/24க்கான ஆண்டு வீதத்தையோ அங்கே போட்டால் இரண்டுமே பிழை. கடந்தகால வினாத்தாள் செய்பவருக்குப் பழைய குறிப்பு இன்னும் வேண்டும்.

ஆகவே ஓரத்தில் “மாறிவிட்டது” என்று எழுதுவது போதாது என்பதே என் முடிவு. “12 இலட்சம், 18 இலட்சம் ஆனது, 2025 ஏப்ரல் 1 முதல், 2025/26 மதிப்பீட்டாண்டிலிருந்து, 2025 இன் 2 ஆம் இலக்கச் சட்டப்படி” என்று எழுதினால்தான் அது விளக்கம். கோப்பைப் பதிவேற்றும் விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதற்பக்கத்திலேயே மதிப்பீட்டாண்டையும், முந்தைய கோப்பில் நீங்கள் மாற்றிய பக்கங்களையும் எழுதிவிடுங்கள். அதை உங்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.