வாடாத பயிர், நிரம்பும் கிடங்கு

ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒருவர் போனில் ‘ஹே டே’ திறந்தால், நாளெல்லாம் உழைத்தவர் மறுபடியும் ஏன் உழைக்கிறார் என்று கேட்கத் தோன்றும். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட இந்தப் பண்ணை விளையாட்டில் சும்மா உட்கார இடமே இல்லை. ஆறுதல் அந்த வேலை அமைந்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

கோதுமை 2 நிமிடத்தில் விளையும், மக்காச்சோளம் 5 நிமிடத்தில். இரண்டையும் ஆலையில் போட்டால் கோழித் தீவனம். அதைத் தின்ற கோழி 20 நிமிடத்தில் முட்டையிடும். முட்டையை லாரியில் ஏற்றினால் காசு. அசெம்பிளி லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்குபவருக்கு முழு வண்டியும் தன் கைவேலையாகத் தெரியாது. இங்கே விதையிலிருந்து லோடு வரை ஒரே கை. பிடிக்காத ஆர்டரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம். கொஞ்ச நேரத்தில் வேறொன்று வரும். எந்த சூப்பர்வைசரும் முறைக்கமாட்டார். என் கணக்கில், பச்சை வயலைவிட இந்த மறுக்கும் உரிமைதான் பெரிய இளைப்பாறல்.

இன்னொன்று, பயிர் வாடாது. 2009 முதல் 2020 வரை இருந்த ‘ஃபார்ம்வில்’லில் நேரத்துக்கு அறுக்காவிட்டால் விளைச்சல் கருகிவிடும், அது விளையாட்டல்ல, இன்னொரு ஷிப்ட். ‘ஹே டே’ கோதுமை இரண்டு நாள் கழித்து வந்தாலும் அப்படியே நிற்கும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பங்களுக்கு இது நம்பமுடியாத சலுகை. குறுகிய கால ரகமே நூறு நாளுக்கு மேல் நிற்கவேண்டும். ஏரி வற்றினாலும் போச்சு, உடைந்தாலும் போச்சு. அந்தப் பயத்தைக் கழித்துவிட்ட விவசாயம் இது. இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. பயத்தை மறுபடி அனுபவிக்க யாரும் போனைத் திறப்பதில்லை.

கோளாறு கிடங்கில் இருக்கிறது. தொடக்கத்தில் 50 பொருள்தான் கொள்ளும். பெரிதாக்க ஆணி, திருகாணி, மரப்பலகை வேண்டும். அவை எப்போது கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். கிடங்கு நிரம்பினால் அறுக்க வழியில்லை, அறுக்காவிட்டால் மறுபடி விதைக்க முடியாது. அப்போது இந்தக் குறையை உடனே தீர்க்கும் வைரம் கண்ணில் படும். அது கொஞ்சம் இலவசமாகக் கிடைக்கும், மீதிக்குப் பணம் கட்டவேண்டும். பயிரை வாடவிடாத கை, ஆளை வாடவிடுகிறது. பொழுதுபோக்காக இருந்தது எப்போது டார்கெட் ஆனது என்று தெரிந்துகொள்ளச் சுலபமான அடையாளம் உண்டு: முட்டை தயார் என்று போன் ஒலித்ததும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கை எழுந்தால், ஷிப்ட் தொடர்கிறது.

எரிக் பரோன் தனியாளாகச் செய்து 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’யில் பணம் கட்டி வாங்கும் வைரம் கிடையாது; ஒருமுறை காசு கொடுத்தால் சரி. கம்பெனி வேலையை விட்டவன் தாத்தா நிலத்துக்குத் திரும்பும் கதை அது. தாத்தாவின் நிலமே சிப்காட்டுக்குப் போன வீட்டில் அந்தக் கதை வேறு மாதிரி படும். அங்கேயும் கடிகாரம் விடுவதில்லை. ஒரு நாள் என்பது ஏறக்குறைய 14 நிமிடம், நள்ளிரவு 2 மணிக்குள் படுக்காவிட்டால் மயங்கி விழவேண்டும். ஆனால் அந்த நிமிடங்களை யாரும் விலைக்கு விற்பதில்லை. அதனால் என் ஓட்டு அதற்குத்தான்.