காற்புள்ளிக்கு முன் ஓர் இடைவெளி

சாட்ஜிபிடி வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2023 ஜனவரியில் எச்.சி.3 என்ற தரவுத்தொகுப்பு வந்தது. மருத்துவம், நிதி, பொது அறிவு என்று பல துறைக் கேள்விகளுக்கு மனிதர் எழுதிய பதிலையும் சாட்ஜிபிடி எழுதிய பதிலையும் அதில் அருகருகே வைத்திருந்தார்கள். எது யார் எழுதியது என்று சொல்லும் கருவிகளைப் பழக்கவும் சோதிக்கவும் இதைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலப் பகுதியின் பெரும்பங்கு ரெட்டிட்டில் சாதாரண மக்கள் எழுதிய விளக்கங்கள். அந்த விளக்கங்கள் தொகுப்புக்கு வருவதற்கு முன்பே ஒரு முன்செயலாக்கக் கட்டத்தைத் தாண்டி வந்தவை. அங்கே சொற்களையும் குறிகளையும் தனித்தனியே பிரித்திருந்ததால், மனிதர் எழுதிய வாக்கியங்களில் காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி நின்றுபோனது. சாட்ஜிபிடியின் பதில்களில் அந்த இடைவெளி கிடையாது.

அப்படியே விட்டுவிட்டால் கருவிக்கு மொழிநடையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காற்புள்ளிக்கு முன் இடம் விட்டிருந்தால் மனிதர், இல்லையென்றால் இயந்திரம் என்று முடித்துவிடலாம். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்த பகுதியில் சோதித்தால் மதிப்பெண்ணும் அள்ளிக்கொண்டு வரும். வெளியே, ஒழுங்காகக் காற்புள்ளி வைத்து எழுதும் ஒரு மாணவியின் கட்டுரை வந்தால் அதே கருவி அவளை இயந்திரத்தின் பக்கம் தள்ளும்.

இடைவெளியை நீக்குவது எளிது. எச்.சி.3-இல் அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கேள்வி ஒன்றாக இருந்தாலும் எழுத்தின் வகை ஒன்றல்ல. மனிதர்கள் திண்ணைப் பேச்சுபோலப் பதில் சொல்லியிருந்தார்கள்; சாட்ஜிபிடி கலைக்களஞ்சியக் குறிப்புபோல எழுதியிருந்தது. மனிதப் பதில்கள் சராசரியில் நீளம் குறைந்தவை என்று தொகுத்தவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, தலைப்பு மட்டும் பொருந்தியது. நீளமும் வகையும் பொருந்தவில்லை. இதில் தேறிய கருவி பேச்சுக்கும் குறிப்புக்கும் வேறுபாடு சொல்லத் தெரிந்த கருவியாக இருக்கலாம். அதை வைத்து அது எழுத்தாளரை அடையாளம் காண்கிறது என்று சொல்ல முடியாது.

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட ஓர் ஆய்வையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். 2023-இல் 'பேட்டர்ன்ஸ்' இதழில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வைசின் லியாங்கும் உடன் ஆய்வாளர்களும் எழுதியது அது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளையும், அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் 88 கட்டுரைகளையும் ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். டோஃபெல் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காடு அளவுக்கு இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்க மாணவர்களுக்கு அந்தத் தவறு மிகக் குறைவு. கருவிகளை நம்பித் தண்டனை கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இது வேண்டிய எச்சரிக்கைதான். ஆனால் இந்த இரு குழுக்களுக்கும் இடையே தாய்மொழி ஒன்றுதானா வேறுபாடு? தேர்வு வேறு, தலைப்பு வேறு, எழுதியவர்களின் வயது வேறு. இவற்றில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்று இந்த ஒப்பீட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

அந்த ஆய்வின் வலுவான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. அதே 91 கட்டுரைகளின் சொல்வளத்தை மட்டும் உயர்த்தித் தரும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டு, மாறிய கட்டுரைகளை மறுபடி சோதித்தார்கள். இயந்திரம் எழுதியவை என்ற குற்றச்சாட்டு 12 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இங்கே தலைப்பும் வகையும் கருத்தும் அப்படியே நிற்க, சொற்களின் வளம் மட்டுமே மாறியது. ஆகவே சொல்வளக் குறைவுதான் கருவிகளை ஏமாற்றியது என்று துணிந்து சொல்ல முடிகிறது. நியாயமான சோதனைத் தொகுப்பின் அடிப்படை இந்த இணைவைப்பில்தான் இருக்கிறது: ஒவ்வோர் உரைக்கும், கேட்க வந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்த ஓர் இணை.

தமிழுக்கு அப்படி ஒன்று செய்வதானால் எங்கே தொடங்குவது? 200 மனிதக் கட்டுரைகள், அவற்றுக்கு 200 இயந்திரக் கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். மனித உரைகள் 2022 நவம்பருக்கு முன் அச்சானவையாக இருப்பது நல்லது. அதன் பிறகு வந்தவற்றில் யார் கை பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வகையாக, இதழில் வந்த சிறு கட்டுரைகளாக இருக்கட்டும். அவற்றில் ஒன்று, ஓர் ஊர்க் கண்மாயைத் தூர்வாரியதைப் பற்றி 2019-இல் வந்தது என்று கொள்வோம்.

இந்தக் கட்டுரைக்கு இணை எழுதச் சொல்லும்போது பலரும் தலைப்பை மட்டும் கொடுக்கிறார்கள். தலைப்பு பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் மனிதக் கட்டுரையில் எந்த மடை அடைபட்டது, கலுங்கு எந்த ஆண்டு உடைந்தது, கருவேலம் வெட்டிய பணம் யாருக்குப் போனது என்றெல்லாம் இருக்கும். இயந்திரக் கட்டுரை நீர் மேலாண்மையின் அவசியம் என்று தொடங்கி மழைநீர் சேகரிப்பில் முடியும். மடை, கலுங்கு என்ற சொற்கள் வந்தால் மனிதர் என்று கருவி கற்றுக்கொள்ளும். ஒரே தலைப்புக்குள்ளேயே பொருள் பிரிந்துபோகிறது. மறுபக்கம், மனிதக் கட்டுரையின் முதல் பத்தியைக் கொடுத்து மீதியை எழுதச் சொன்னால் பொருள் பிரியாது. ஆனால் மனிதரின் நடையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், நடையில்தான் வேறுபாட்டைத் தேட வந்தோம். நான் சரியென்று நினைப்பது நடுவழி. கட்டுரையிலுள்ள செய்திகளை மட்டும் பத்துப் பன்னிரண்டு துணுக்குகளாக, வாக்கியமாக இல்லாமல், கண்மாயின் பெயர், மடைகளின் எண்ணிக்கை, ஆண்டு, செலவு என்று எடுத்து பிராம்ப்டில் வைப்பது. கூடவே இது எந்த மாதிரி இதழுக்கு, யார் படிப்பார்கள் என்பதையும் சொல்வது. துணுக்குகளை எடுப்பவர் மூலத்தின் வரிசையைக் கலைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் கட்டுரையின் கட்டமைப்பும் கடனாக வந்துவிடும்.

குறிப்பான செய்திகள் இல்லாமல் எழுதுவதே இயந்திரத்தின் இயல்பு, அதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இயந்திரத்தைப் பயன்படுத்துகிற மனிதர் செய்திகளைத் தானே கொடுத்து எழுதச் சொல்ல முடியும். வெறும் பொத்தாம்பொதுவைப் பிடிக்கிற கருவி அவரைக் கோட்டைவிடும். குறிப்பு இல்லாமல் எழுதும் பள்ளி மாணவரைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து நீளம். தமிழில் சொற்களை எண்ணுவது நம்பகமான அளவல்ல. ஒருவர் 'எழுதிக் கொண்டிருந்தார்' என்று பிரித்து எழுதுவார், இன்னொருவர் சேர்த்து எழுதுவார். அதே வாக்கியத்துக்குச் சொற்கணக்கு மாறிவிடும். இடைவெளியை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணுவது மேல். இயந்திரத்திடம் 400 சொல் என்று கேட்டாலும் அது சொன்ன அளவில் நிற்காது. தமிழுக்கு ஒரு சொல்லுக்கு ஆகும் டோக்கன்கள் ஆங்கிலத்தைவிட அதிகம் என்பதால், டோக்கன் வரம்பை ஆங்கிலக் கணக்கில் வைத்தவர்களின் இயந்திர உரைகள் பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கும். அந்த அறுந்த வால் ஒன்றே கருவிக்குப் போதும். வரம்பைத் தாராளமாக வைத்து முழுக்க எழுதவிட வேண்டும். பிறகு இரண்டு பக்கத்திலும் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 1,500 எழுத்து வரை, வாக்கியம் முடியும் இடத்தில், ஒரே விதியால் வெட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் முடிவுரை உள்ளது, இல்லாதது என்ற புதிய வேறுபாடு முளைக்கும். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வைத்துவிட்டு அந்த மதிப்பெண்ணைக் குறுஞ்செய்திக்கும் பொருத்துவதும் தவறு. உரை நீளமாக ஆக கண்டுபிடிப்பது எளிதாகிறது என்று டாஃப்னி இப்போலிட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2020-இலேயே காட்டினார்கள். ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியும் 1,000 எழுத்துக்குக் குறைந்த உரையில் நம்பத்தகாதது என்ற அறிவிப்போடுதான் வந்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள்.

எச்.சி.3-இன் இடைவெளிக்கு நிகரான ஒன்று தமிழில் கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ஒகரக் குறியை `U+0BCA` என்ற ஒற்றைக் குறியாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு `U+0BC6`, கால் `U+0BBE` என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோலத் தெரியும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய இதழ்க் கோப்புகளில் இரட்டைக் குறி இருந்து, இயந்திரம் ஒற்றைக் குறியில் எழுதினால் கதை முடிந்தது. இதற்கு மருந்து ஒரே வரி:

```python
text = unicodedata.normalize("NFC", text)
```

ஆனால் 'கௌரவம்' என்பதைக் கொம்போடு ளகரம் சேர்த்து 'கெளரவம்' என்று தட்டியிருந்தால் இந்த வரி அதைத் தொடாது. அங்கே ளகரம் தனி எழுத்து. அதைத் தேடித்தான் திருத்த வேண்டும். மனித உரைகளிலிருந்து 'நமது நிருபர்' போன்ற ஒட்டுகளும், இயந்திர உரைகளிலிருந்து 'நிச்சயமாக, இதோ கட்டுரை' என்ற முன்னுரையும் நட்சத்திரக் குறிகளும் போக வேண்டும். எழுத்துப்பிழை, சந்திப்பிழைகளில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து, அவை எழுதியவருடையவை.

இவ்வளவும் செய்த பிறகு தொகுப்பு நியாயமானதுதானா என்று எப்படித் தெரியும்? கருவியைக் கொண்டுவருவதற்கு முன் முட்டாள் விதிகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2018-இல் சுசின் குருரங்கனும் உடன் ஆய்வாளர்களும், இரு வாக்கியங்களின் உறவைச் சொல்லக் கேட்கும் எஸ்.என்.எல்.ஐ. தொகுப்பில், முதல் வாக்கியத்தைக் காட்டாமலே ஒரு நிரலுக்கு 67 விழுக்காடு சரியான விடை வந்ததைக் காட்டினார்கள். மூன்று விடைகளில் ஒன்றைத் தேரும் சோதனை அது. குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்க வேண்டும். நம் 200 இணைகளில் 'நீளமானது இயந்திரம்' என்ற ஒரே விதியை ஓட்டிப் பாருங்கள். நாணயம் சுண்டினால் 100 சரியாகும். தற்செயலில் 86 முதல் 114 வரை ஊசலாடலாம். 131 வந்தால் நீளம் இன்னும் கசிகிறது. காற்புள்ளி எண்ணிக்கைக்கும், மேற்கோள் குறியின் வடிவத்துக்கும், பெயர்ச்சொற்களின் பட்டியலுக்கும் இதையே தனித்தனியே செய்ய வேண்டும். எந்த விதி தேறுகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. அந்த இணைகளை எடுத்து இருபதையாவது கண்ணால் படித்தால் பெரும்பாலும் காரணம் அகப்படும்.

தொகுப்பைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கிறவர்கள் இணையைப் பிரிக்கக் கூடாது. கண்மாய்க் கட்டுரையின் மனித வடிவம் பயிற்சியிலும் இயந்திர வடிவம் சோதனையிலும் போனால், அந்தக் கண்மாயின் பெயரைப் பார்த்ததும் கருவிக்கு மனிதர் நினைவு வரும். மதிப்பெண் தலைகீழாகவும் சரியலாம்.

எண்ணிக்கையில் ஒரு வரம்பு மீதியிருக்கிறது. 200 மனிதக் கட்டுரைகளில் ஒன்றைக்கூடக் கருவி தவறாகக் குறிக்கவில்லை என்றாலும், அதன் தவறு விகிதம் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே என்று சொல்ல முடியாது. பூச்சியத் தவறு வந்த சோதனையில் மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல்வரம்பு. இங்கே அது ஒன்றரை விழுக்காடு. ஒரு விழுக்காடு என்று எழுத 300 வேண்டும், அந்த 300-இலும் ஒரு தவறுகூட வரக் கூடாது. குறைவதை நிரப்ப மனிதக் கட்டுரைகள் மட்டும் இன்னும் நூறு சேர்த்தால் போதும், அவற்றுக்கு இயந்திர இணை தேவையில்லை. ஆனால் அந்த நூறும் அதே இதழ் வகையிலிருந்து, அதே ஆண்டுகளிலிருந்து, அதே 1,500 எழுத்து வெட்டோடு வர வேண்டும். கைக்கு எட்டியது என்று நாளிதழ்ச் செய்திகளைக் கொண்டுவந்து நிரப்பினால் கிடைப்பது கட்டுரையாளர்களைப் பற்றிய விகிதமாக இருக்காது.