நில்லாதவனை நிறுத்தும் பேச்சு

நாடகக் கொட்டகைக்கு வருகிறவன் சீட்டு வாங்கி வருகிறான். தெருக்கூத்துக்கு வருகிறவன் பாயும் போர்வையும் கொண்டு வருகிறான். இருவரும் பார்ப்பதென்று முடிவு செய்த பிறகே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள். ஆகவே கட்டியக்காரன் கடவுள் வணக்கம் பாடலாம், கேலி பேசலாம், அரசன் வருகையை ஆற அமர அறிவிக்கலாம். விடியும் வரை அவனுக்கு நேரம் இருக்கிறது. சந்தைக்கு வருகிறவனோ கத்தரிக்காய் வாங்க வருகிறவன். நாடகம் அவன் கணக்கிலேயே இல்லை. அவனை நிறுத்தி, நின்றவனுக்கு இன்னதுதான் வழக்கு என்று சொல்லி முடிக்க வீதி நாடகத்தின் எடுத்துரைப்பாளனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள். அந்தச் சிறு பொழுதின் இலக்கணத்தை நம் விமரிசகர்கள் எழுதியதில்லை. நாடகத்தின் கருத்தைப் பாராட்டுவர், நடிப்பைப் பாராட்டுவர், கூட்டம் எப்படிக் கூடியது என்று கேட்க மறந்துவிடுவர்.

தில்லியில் 1973-இல் தோன்றிய ஜன நாட்டிய மஞ்ச் என்னும் குழு 1978-இல் ‘மெஷின்’ என்ற நாடகத்தை அமைத்தது. சப்தர் ஹஷ்மியும் ராகேஷ் சக்சேனாவும் எழுதியது. காசியாபாத் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் கேட்டவை இரண்டே: மிதிவண்டி நிறுத்த ஓர் இடம், தேநீர் குடிக்க, கொண்டுவந்த உணவைச் சூடாக்கிக்கொள்ள ஒரு சிற்றுண்டிச் சாலை. நிருவாகம் மறுத்தது. வேலைநிறுத்தம் நடந்தது. காவலர்கள் சுட்டனர், ஆறு தொழிலாளர் மாண்டனர். இதுதான் கதைக் கரு. நாடகம் ஏறக்குறையப் பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதன் தொடக்கத்தைப் பாருங்கள். யாரும் பேசவில்லை. நடிகர்கள் தங்கள் உடல்களாலேயே ஓர் இயந்திரமாக அமைகிறார்கள். கை ஏறுகிறது, கால் இறங்குகிறது, வாயிலிருந்து இயந்திர ஓசை தாளத்தோடு எழுகிறது. போகிறவன் திரும்பிப் பார்க்கிறான். திடீரென்று இயந்திரம் நிற்கிறது. அப்பொழுதுதான் சூத்திரதாரி வாய் திறந்து, ஏன் நின்றது என்று வியக்கிறான். வணக்கமும் இல்லை, குழுவின் பெருமையும் இல்லை. கேட்டவன் மனத்திலும் அதே கேள்வி ஏற்கெனவே பிறந்துவிட்டது என்பதுதான் இதன் நுட்பம். எடுத்துரைப்பாளன் கேள்வியைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. கூட்டத்தின் கேள்வியைக் கூட்டத்துக்கு முன் உரக்கச் சொல்கிறான். ஓடுவது பழக்கம், நிற்பது வழக்கு என்பதை ஒரே ஓசையின் ஏற்றத்தாலும் அடக்கத்தாலும் காட்டிவிட்ட பிறகு, விளக்க உரைக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ‘மெஷின்’ தொழிலாளர் கூட்டங்களிலே பேர் பெற்ற நாடகம். அங்கே இயந்திரத்தின் ஓசை ஒவ்வொருவர் செவியிலும் பழகிய ஓசை. சந்தையிலே அதைச் செய்தால் வேடிக்கை பார்ப்பான். வழக்கு தனது என்று உணர்வானா? சந்தைக்குச் சந்தையின் பொருள் வேண்டும். இக்குழுவே இதை அறிந்திருந்தது. 1979-இல் தில்லியில் பேருந்துக் கட்டணம் ஏறியபோது உடனே ஒரு குறுநாடகம் அமைத்து, மக்கள் பேருந்துக்குக் காத்து நின்ற இடங்களுக்கே கொண்டு சென்றது. அதிகம் கொடுத்த காசின் சூடு ஆறாதவனிடம் கட்டணத்தைப் பற்றி முன்னுரை தேவைப்படவில்லை.

நம் ஊர்ச் சந்தையிலே ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆயினும் சந்தைக்குப் போகிறவர்க்குப் புதிதல்ல. கூடைக்குப் பத்து ரூபாய் சுங்கம் என்று பலகை சொல்கிறது, குத்தகைக்காரன் ஆள் முப்பது வாங்குகிறான், சீட்டும் கொடுப்பதில்லை. இளைஞர் குழுக்கள் பல இப்படித் தொடங்கும்: “பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே! இன்று நாட்டிலே ஊழல் பெருகியிருக்கிறது...” தாய்மார்கள் அதற்குள் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். ஊழல் என்பது எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொதுவானது எவர் காலையும் கட்டுவதில்லை.

மாற்றிச் செய்து பார்க்கிறேன். பறை பத்து நிமிடம் அதிர்கிறது. நடிகர்கள் வட்டமாக நடந்து இடம் பிடிக்கிறார்கள். பறை சட்டென்று அடங்குகிறது. தலையில் வெறுங் கூடையோடு ஒருவன் நடுவில் ஓடி வந்து நின்று, “ஐயா, யாருக்காவது எழுத்துப் படிக்கத் தெரியுமா?” என்கிறான். வடக்கே திரும்பி ஒரு முறை, தெற்கே ஒரு முறை. “அந்தப் பலகையிலே என்ன போட்டிருக்கிறது, படியுங்கள்.” ஒரு சிறுவன் படிக்கிறான்: பத்து. “பத்தா? என் கண்ணிலே கோளாறு என்றல்லவா நினைத்தேன்! என்னிடம் முப்பது வாங்கினானே. அம்மா, உங்களிடம் எவ்வளவு வாங்கினான்?” கூட்டத்திலிருந்து ஒரு குரல் விடை சொல்லும். “பலகை பத்து, கை முப்பது. நடுவிலே இருபது எங்கே?” வழக்கு முழுவதும் வந்துவிட்டது, நாடகம் தொடங்கலாம்.

முதற் பேச்சிலே செய்தி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே செய்தது. சந்தை இரைச்சலில் முதல் வாக்கியத்தை முழுதாகக் கேட்பவர் மிகச் சிலர். அதிலே வழக்கை வைத்தால் இழந்தோம். கடைசி வாக்கியமோ எண்ணிச் சில சொற்கள். நான்கு பக்கமும் திரும்பி நான்கு முறை சொல்லத் தகுந்தது. பிந்தி வந்தவனுக்கும் அது ஒன்றே போதும்.

சந்தையில் இக்கலையைத் தலைமுறைகளாகக் கற்றவன் ஒருவன் உண்டு: பாம்பும் கீரியும் சண்டையிடும் என்று சொல்லி மருந்து விற்கிறவன். குரலுக்கும் வட்டத்துக்கும் அவன் ஆசான்தான். ஆனால் அவன் பிழைப்பே ஒத்திப்போடுவதில் இருக்கிறது. கூடையைத் திறப்பான், மூடுவான்; சண்டை நடக்காது; மருந்து விற்றுவிடும். அவனிடம் கற்ற குழுக்கள் சில, வேடிக்கை பேசியே ஐந்து நிமிடம் கடத்தி, பிறகு வழக்கை நீட்டுகின்றன. ஏமாந்தோம் என்று கூட்டம் உணர்ந்த அந்தக் கணத்தில் வழக்கும் மருந்துப் புட்டி ஆகிவிடுகிறது. வடநாட்டு வீதி நாடகங்களிலே மதாரி என்னும் வித்தைக்காரனும் அவன் சிறுவன் ஜமூராவும் கேள்வியும் பதிலுமாக நாடகத்தைத் திறக்கும் முறை இதே வித்தையிலிருந்து வந்ததுதான். முதலில் அது கூர்மையாக இருந்தது. விளம்பரக்காரரும் அரசுத் துறைகளும் எடுத்துக்கொண்ட பிறகு, சிறுவன் வாய் திறக்கும் முன்பே என்ன விற்க வந்தார்கள் என்று கூட்டம் கணித்துவிடுகிறது. உத்திக்கும் வயது உண்டு.

கூட்டம் நின்றதா என்பதைக் கைதட்டலால் அளப்பவர் ஏமாறுவர். கால்களைப் பாருங்கள். முகம் நம்மை நோக்கி, பாதம் பாதையை நோக்கியிருந்தால் அவன் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறான். பையைக் கீழே வைத்தவன் நின்றவன். முதல் வரிசை உட்கார்ந்தால் பின்வரிசைக்கு வழி தெரியும். ஆகவே சிறுவர்களை முன்னே உட்கார வைப்பது எடுத்துரைப்பாளனின் வேலை, அதையும் பேச்சுக்குள்ளேயே செய்துவிட வேண்டும். பின்வரிசை கலையத் தொடங்கினால் குரலை உயர்த்துவதால் பயனில்லை. அந்தப் பக்கம் நடந்துபோய்க் கேள்வியை அங்கே கேட்க வேண்டும்.

சுங்க நாடகத்திலே இன்னொரு தொல்லையும் உண்டு. “முப்பது” என்று சொன்ன கூடைக்காரி நாளையும் அதே சந்தைக்கு வரவேண்டியவள். குத்தகைக்காரன் ஆள் வட்டத்தின் ஓரத்தில் நின்று முகம் பார்த்துக்கொண்டிருப்பான். நாம் வண்டியேறிப் போய்விடுவோம். ஆகையால் தனியாக ஒருத்தியைச் சுட்டிக் கேட்கும் அந்த வரியை மாற்றி, “எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், எவ்வளவு?” என்று வைப்பதே நேர்மை. கூர்மை சிறிது குறையும், குறையட்டும்.