ஏழாம் எண் சட்டையிலிருந்து தொடங்குங்கள்

அனிமேஷன் என்றாலே பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்திருக்கும் விளையாட்டு ரசிகருக்கு, ஜப்பானிய அனிமேஷனில் நான் முதலில் சொல்லும் படம் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்'. 2022 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. 1990களில் இதே கூடைப்பந்துக் கதையைக் காமிக்ஸாக வரைந்த தகேஹிகோ இனோவே, தானே எழுதி இயக்கிய படம்.

இரண்டு மணி நேரப் படத்துக்கு முதுகெலும்பு ஒரே ஓர் ஆட்டம். பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில், பெரிதாகப் பெயர் வாங்காத ஷோஹோகு அணி சாம்பியன் சன்னோவை எதிர்கொள்கிறது. பந்தை முன்னெடுத்துச் செல்லும் ஏழாம் எண் மியாகிதான் நாயகன். உயரம் 168 செ.மீ.; களத்திலேயே குள்ளமானவன். கூடைப்பந்தைப் பழக்கிவிட்ட அண்ணனைச் சிறுவயதிலேயே கடலுக்குப் பறிகொடுத்தவன்.

இரண்டாம் பாதித் தொடக்கத்தை ஊன்றிப் பாருங்கள். சன்னோ 'பிரஸ்' போடுகிறது. ஷோஹோகு தன் கூடைக்குக் கீழிருந்து பந்தை உள்ளே எறிந்ததுமே, வாங்கியவனை இரண்டு பேர் வளைத்துக்கொள்கிறார்கள். உயர்த்திய கைகளுக்கு மேலே மியாகியால் பார்க்கவே முடியவில்லை. அவசரத்தில் போகும் பாஸ்கள் எதிரணியிடம் சிக்க, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வித்தியாசம் இருபது புள்ளிகளைத் தாண்டிவிடுகிறது. பிள்ளைகளுக்கான கார்ட்டூனாக இருந்தால் நாயகனுக்கு இந்த இடத்தில் ஏதாவது அதிசய சக்தி வந்திருக்கும். இங்கே மியாகிக்கு வழிகாட்டுவது அவன் குறையாகச் சுமந்த உயரம்தான். உடம்பை மடக்கி, பந்தைத் தரையோடு தட்டி, இரண்டு பேருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் புகுந்து வெளியேறுகிறான். கூடைப்பந்து ஆடுகிறவர்களின் அசைவை மோஷன் கேப்சரில் பதிந்து அதன்மேல் உருவங்களை எழுப்பியதால், கால் ஊன்றும் கனமும் எடை மாறும் கணமும் கண்ணுக்குத் தெரிகின்றன.

கடைசி நொடிகளில் இசை நிற்கிறது. வசனமும் இல்லை, கூட்டத்தின் இரைச்சலும் இல்லை. எங்கே பதற வேண்டும் என்று சொல்லித்தர எதுவும் இல்லாமல் நாமே ஆட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே கைப்பேசியில் பார்க்காதீர்கள். ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலுமாகப் பெரிய திரையில் பாருங்கள்.

குறையும் உண்டு. ஆட்டம் சூடுபிடிக்கும்போதெல்லாம் பழைய நினைவுகள் குறுக்கே வந்து வேகத்தைக் கெடுக்கின்றன. மற்ற நால்வரின் கதையைக் காமிக்ஸ் வாசகர்களுக்குத் தெரியும் என்று நம்பிச் சுருக்கிவிட்டார்கள். மூன்று புள்ளி எறியும் மிட்சுயி ஏன் அவ்வளவு சீக்கிரம் மூச்சு வாங்குகிறான் என்பது புதியவருக்கு முழுதாகப் பிடிபடாது.

இது பிடித்திருந்தால் அடுத்தது இசாவோ தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. போர்க்காலத்தில் பசியோடு போராடும் அண்ணன் தங்கையின் கதை. 1988இல் இதைக் குழந்தைகள் கொண்டாடும் 'டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே நாளில் ஜோடியாகத் திரையிட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.