வெளிநாட்டில் கட்டிய ஓய்வூதியப் பணம்: ஊர் திரும்பினால் கணக்கில் வருமா?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓசூரிலிருந்து போனவர். ஓசூரில் ஆறு ஆண்டுகள் பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருந்தவர். மற்றவர் கொழும்பு வெள்ளவத்தைக்காரர். அவரும் ஆறு ஆண்டுகள் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப்., கட்டியவர். இருவரும் ஜெர்மனியில் நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். சம்பளம் அந்நாட்டுச் சராசரியை ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 50,000 யூரோ. சம்பளச் சீட்டில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கென்று 9.3 சதவீதம் மாதாமாதம் கழிந்தது. அதே அளவை முதலாளியும் செலுத்தினார். இருவரும் ஒரே மாதத்தில் வேலையை விட்டு ஊர் திரும்புகிறார்கள். பிடித்தம் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். ஆனால் முதுமையில் இருவருக்கும் கிடைக்கப்போவது ஒன்றல்ல.

ஜெர்மன் சட்டப்படி முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 60 மாதங்கள் கட்டியிருக்க வேண்டும். இவர்கள் கட்டியது 48. பன்னிரண்டு மாதம் குறைகிறது.

ஓசூர்க்காரருக்கு இங்கே ஓர் ஒப்பந்தம் கைகொடுக்கிறது. இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட முழுமையான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாட்டில் தகுதிக்கு வேண்டிய காலம் குறைந்தால், மற்ற நாட்டில் கட்டிய காலத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்க அது வழி செய்கிறது. இதில் பணம் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதில்லை. காலம் மட்டுமே சேர்த்து எண்ணப்படுகிறது. இந்திய ஆறு ஆண்டுகள் சேர்ந்ததும் அவர் 60 மாதத் தகுதியைத் தாண்டிவிடுகிறார். அதன்பின் ஜெர்மனி தன்னிடம் கட்டிய நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் ஓய்வூதியம் கணக்கிடும். அங்கே சராசரிச் சம்பளத்துக்கு ஓராண்டு கட்டினால் ஒரு புள்ளி. 2025 ஜூலை முதல் ஒரு புள்ளியின் மதிப்பு மாதம் 40.79 யூரோ. நான்கு புள்ளிக்கு மாதம் சுமார் 163 யூரோ, 67 வயதிலிருந்து ஆயுள் முழுக்க வரும். புள்ளியின் மதிப்பு சம்பள உயர்வை ஒட்டி ஏறக்கூடியது என்பதால், அவர் 67-ஐத் தொடும்போது தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு.

இந்தியப் பக்கமும் இதே வழிதான். 1995ஆம் ஆண்டின் பணியாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். ஆறுடன் ஜெர்மனியின் நான்கைச் சேர்த்தால் பத்து. உச்சவரம்புச் சம்பளமான 15,000 ரூபாயை ஆறு ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 1,286 ரூபாய், 58 வயது முதல். சின்னத் தொகைதான், மறைப்பதற்கில்லை. ஒப்பந்தத்தின் உண்மையான பயன் ஜெர்மனி தரும் 163 யூரோவில்தான் இருக்கிறது.

வெள்ளவத்தைக்காரர் நிலை வேறு. ஜெர்மனிக்கும் இலங்கைக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. 48 மாதங்கள் 48 மாதங்களாகவே நிற்கும். கொழும்பில் அவர் உழைத்த ஆறு ஆண்டுகளை ஜெர்மன் அலுவலகம் ஏறெடுத்தும் பார்க்காது. அவருக்குத் திறந்திருக்கும் கதவு, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது. அதற்கும் ஐரோப்பியக் காப்பீட்டைவிட்டு வெளியேறி 24 மாதங்கள் காத்திருக்க வேண்டும். கிடைப்பது தன் சம்பளத்தில் கழிந்த பங்கு மட்டும். 50,000 யூரோவில் 9.3 சதவீதம் ஆண்டுக்கு 4,650; நான்கு ஆண்டுக்கு 18,600 யூரோ. வட்டி கிடையாது. முதலாளி கட்டிய இன்னொரு 18,600 ஜெர்மனியிலேயே தங்கிவிடும். அவர் இன்னும் ஓராண்டு அங்கேயே வேலை பார்த்திருந்தால் எந்த ஒப்பந்தமும் தேவைப்பட்டிருக்காது. 60 மாதம் நிறைந்து, 67 வயதில் மாதம் சுமார் 204 யூரோவுக்கு உரியவர் ஆகியிருப்பார். ஜெர்மனியில் நான்காம் ஆண்டில் இருக்கும் இலங்கையர் எவரும் ஊர் திரும்பும் தேதியைக் குறிக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டிய இந்தியரும் பணத்தைத் திரும்ப வாங்கலாம். பலர் வாங்கவும் செய்கிறார்கள். மொத்தமாக 18,600 யூரோ கைக்கு வருகிறதென்றால் 67 வயது வரை யார் காத்திருப்பது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மாதம் 163 யூரோ என்ற கணக்கில் ஒன்பதரை ஆண்டுகளில் அந்தத் தொகை ஈடாகிவிடும். அதற்குப் பின் வருவதெல்லாம் முதலாளியின் பங்கிலிருந்து வரும் வரவு. பணத்தைத் திரும்ப வாங்கிய அன்றே அந்த 48 மாதங்களும் ஜெர்மன் பதிவேட்டில் அழிந்துபோகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பத்து ஆண்டு கழித்து மறுபடி ஜெர்மனிக்கு வேலைக்குப் போனால் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். வயது முப்பதுகளில் இருப்பவர், திரும்பவும் ஐரோப்பா போகக்கூடியவர் என்றால் அந்தப் பணத்தைத் தொடாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து.

இலங்கைக்கு ஏன் இப்படி ஒப்பந்தம் அமையவில்லை என்பதற்கு நிதியின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியில் ஊழியர் 8 சதவீதமும் தொழில் தருநர் 12 சதவீதமும் கட்டுகிறார்கள். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநர் மேலும் 3 சதவீதம் கட்டுகிறார். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் திரண்ட தொகையை மொத்தமாக எடுக்கலாம். நிரந்தரமாக வெளிநாடு குடிபெயர்ந்தால் அதற்கு முன்பும் எடுக்கலாம். இது அவரவர் பெயரில் வளரும் சேமிப்பு. மூன்று ஆண்டு கட்டியவருக்கும் முப்பது ஆண்டு கட்டியவருக்கும் அவரவர் பணம் உண்டு; தகுதிக்கு இத்தனை ஆண்டு என்ற வாசலே இல்லை. ஆகவே வெளிநாட்டு ஆண்டுகளைக் கொண்டுவந்து சேர்க்க இலங்கைப் பக்கம் இடமும் இல்லை, தேவையும் இல்லை. தொழிலாளிக்கு இதில் ஒரு நன்மை உண்டு: அரைகுறை ஆண்டுகள் என்று சொல்லி அவர் பங்கை எவரும் மறுக்க முடியாது. ஆனால் ஒப்பந்த மேசையில் கொடுக்கல் வாங்கல் வேண்டும். ஜெர்மனி இலங்கை ஆண்டுகளை ஏற்றுக்கொண்டால், பதிலுக்கு ஜெர்மன் தொழிலாளிக்கு இலங்கை எதைச் சேர்த்துத் தரும் என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் பதில் கிடைப்பது கடினம்.

இந்தியாவிடம் ஒப்பந்தங்கள் நிறையவே உண்டு. 2009இல் பெல்ஜியத்துடன் தொடங்கியது, பிரான்ஸ், நெதர்லாந்து, தென்கொரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று விரிந்திருக்கிறது. ஆயினும் அவற்றின் பயன் வழியிலேயே ஒழுகிவிடுகிறது. வேலையை விடும்போது “பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துடலாம்” என்று நண்பர்கள் சொல்வார்கள். 10-சி படிவத்தில் ஓய்வூதியப் பகுதியையும் பணமாகக் கேட்டால், ஆறு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான தொகை வந்துசேரும். அதோடு அந்த ஆறு ஆண்டுப் பணிக்காலமும் முடிந்துபோகும். பின்னர் ஜெர்மனியிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. அதே 10-சி படிவத்திலேயே பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். அது ஆண்டுகளை உயிரோடு வைத்திருக்கும். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புபவர் பெட்டியில் பட்டச் சான்றிதழோடு இருக்க வேண்டிய தாள் அது.

இன்னொரு ஒழுகல் சட்டத்திலேயே இருக்கிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000 ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளத்துடன் முதன்முதலாகப் பி.எஃப்.-இல் சேர்ந்தவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. அவர் கட்டுவது முழுக்கச் சேமிப்பாகவே போகும். ஜெர்மனிக்கு இன்று அதிகம் போகும் மென்பொருள் பொறியாளர்களில் பலர் இந்த வகையினர். ஒப்பந்தம் கையெழுத்தானது யாருக்காகவோ, அவருக்கே சேர்த்து எண்ண இந்திய ஓய்வூதிய ஆண்டுகள் இல்லாமல் போகின்றன. இந்த ஓரிடத்தில் அப்படிப்பட்ட இந்தியரும் வெள்ளவத்தைக்காரரும் ஏறக்குறைய ஒரே படகில்தான். பி.எஃப். கணக்கேட்டில் ஓய்வூதியப் பங்கு என்ற தனிப் பத்தியில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் தான் எந்த வகை என்பது தெரிந்துவிடும். கம்பெனியே அனுப்பிவைத்தவர் கதை வேறு: வருங்கால வைப்பு நிதி அமைப்பு தரும் காப்பீட்டுச் சான்றிதழைக் காட்டினால் 48 மாதங்கள் வரை ஜெர்மனியில் ஓய்வூதியப் பிடித்தமே இல்லாமல் இந்தியாவிலேயே கட்டிக்கொண்டிருக்கலாம்.

ஊர் திரும்பாமல் வேறு நாட்டுக்கு நகர்பவருக்கு நிலைமை மாறுகிறது; இங்கே இலங்கையருக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டப்படி வசித்து ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு வேலைக்கு மாறும் வெளிநாட்டவரையும் ஒன்றியத்தின் விதிகள் 2011 முதல் பெரும்பாலும் தம் குடிமக்களைப் போலவே நடத்துகின்றன. ஜெர்மனியில் மூன்று ஆண்டும் பிறகு பாரிஸில் மூன்று ஆண்டும் கட்டிய யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டும் சேர்ந்து 72 மாதங்கள் ஆகும். ஜெர்மனி தன் மூன்று ஆண்டுக்குரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும். கொழும்பின் ஆறு ஆண்டு சாதிக்காததைப் பாரிஸின் மூன்று ஆண்டு சாதிக்கிறது.

வளைகுடா நாடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்குள்ள அரசு ஓய்வூதியத் திட்டங்கள் இந்திய, இலங்கைத் தொழிலாளரிடம் பிடிப்பதில்லை, வேலை முடிவில் பணிக்கொடைதான். அமெரிக்காவுடன் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இல்லை. பத்து ஆண்டு கட்டாதவர் பொதுவாக வெறுங்கையோடு திரும்புகிறார்.

இலங்கைத் தொழிலாளிக்கு ஓரளவு நியாயம் கிடைக்கும் இடம் தென்கொரியா. இரு அரசுகளின் உடன்பாட்டின்படி ஈ-9 விசாவில் அங்கே தொழிற்சாலைகளுக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு சுற்று 4 ஆண்டு 10 மாதம், அதாவது 58 மாதம். தேசிய ஓய்வூதியத்துக்கு 2025 வரை சம்பளத்தில் 9 சதவீதம் போனது: பாதி தொழிலாளியுடையது, பாதி முதலாளியுடையது. மாதச் சம்பளம் 21 இலட்சம் வோன் என்றால் மாதம் 1,89,000 வோன். 58 மாதத்தில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வோன். நாடு திரும்பும்போது இரு பங்கும் வட்டியோடு அவருக்கே வருகின்றன. விமானச் சீட்டைக் காட்டிப் புறப்படுமுன்னே விண்ணப்பித்தால் இஞ்சோன் விமான நிலையத்திலேயே பெற்றுக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. முதலாளி பங்கை வைத்துக்கொள்ளும் ஜெர்மனியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் நல்ல பெயர் எடுத்து அதே முதலாளியிடம் இரண்டாம் சுற்றுக்குத் திரும்புபவரின் கணக்கைப் பாருங்கள். முதல் சுற்றுப் பணத்தை எடுக்காமல் விட்டாலும் இரண்டு சுற்றும் சேர்ந்து 116 மாதங்கள். கொரிய ஓய்வூதியத்துக்கு வேண்டியது 120. நான்கு மாதம் குறைவதால் கிட்டத்தட்டப் பத்து ஆண்டு அங்கே கட்டியவருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. மொத்தத் தொகையோடு கணக்கு முடிகிறது. சேமலாப நிதியில் கட்டிய மாதங்களில் நான்கைக் கொரியா ஏற்றுக்கொண்டால் போதும். ஆயிரக்கணக்கான இளைஞர்களை அனுப்பும் அரசு, பணியாளர் ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்கப் போகும் அதே பேச்சுவார்த்தையில் இந்த நான்கு மாதங்களையும் கேட்க வேண்டும்.