ஒயர் ஜாயின்ட்: டேப்பா, ட்யூபா, கனெக்டரா?

எலி கடித்த டேபிள் ஃபேன் ஒயரைச் சரிசெய்ய எலக்ட்ரிக்கல் கடையில் மூன்று பொருள்கள் கிடைக்கும்: இன்சுலேஷன் டேப், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், ஸ்க்ரூ வைத்த கனெக்டர். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. டேப்பும் ட்யூபும் ஜாயின்டை மூட மட்டுமே செய்யும். செம்பைச் செம்போடு இறுக்கிப் பிடிப்பது கனெக்டர் ஒன்றுதான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? 75 வாட் ஃபேன் இழுக்கும் மின்சாரம் சுமார் 0.33 ஆம்பியர். கையால் தளர்வாக முறுக்கிய ஜாயின்டில் 0.1 ஓம் தடை இருந்தாலும் அங்கே சூடு தெரியாது. அதே ஜாயின்ட் 2000 வாட் கீசரில் இருந்தால் 8.7 ஆம்பியர் ஓடும். அந்தச் சின்ன முறுக்கில் ஏழரை வாட் வெப்பம் பிறக்கும். செம்பு கறுக்கும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். சாதாரண பிவிசி ஒயரின் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். டேப்பின் பசை இளகி வழிவதும், உறை பழுப்பேறுவதும், கருகிய வாடையும் இந்தச் சூட்டின் அறிகுறிகள். எத்தனை சுற்று டேப் போட்டாலும் இது நிற்காது.

ஃபேன் ஒயருக்கு என் தேர்வு, செம்பைப் பிடிக்கச் சால்டரும் மேலே மூட ஹீட் ஷ்ரிங்க்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கோரையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டுங்கள்; அப்போது ஜாயின்ட்கள் பக்கத்துப் பக்கத்தில் வராது. முறுக்கும் முன்பே ட்யூபை மாட்டித் தள்ளி வைக்க வேண்டும், பிறகு நுழையாது. பாதியாகச் சுருங்கும் ரகத்தில் கோருக்கு 4 மி.மீ., வெளி உறைக்கு 10 மி.மீ. ட்யூப் பெரும்பாலும் பொருந்தும். இரு பக்கமும் பழைய உறைமேல் ஒரு சென்டிமீட்டராவது ஏறியிருக்கட்டும். லைட்டர் தீ ஒரு பக்கம் கருக்கிவிடும். ஹாட் ஏர் கன் நல்லது. உள்ளே பசை இல்லாத ட்யூப் தண்ணீரைத் தடுக்காது.

கனெக்டர் சுவிட்ச் பாக்ஸுக்குள்ளும் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளும் இருக்க வேண்டியது. தொங்கும் ஒயரில் இழுபட்டுத் தளர்ந்துவிடும். ஸ்க்ரூ உறையைக் கவ்வாமல் செம்பைக் கவ்வ வேண்டும். பல இழை ஒயரின் நுனிக்குச் சால்டர் வைக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி விடும். நுனியில் லக் போட்டு இறுக்கி, இழுத்துப் பாருங்கள்.

டேப் ஒரு சுற்றுமேல் மறுசுற்று பாதி ஏறுமாறு இழுத்துச் சுற்றினால் நல்ல மேலுறை. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

கீசர், ஏசி, அயர்ன் பாக்ஸ் ஒயர்களுக்கு இவை எதையும் பரிந்துரைக்க மாட்டேன். முழு ஒயரையும் மாற்றுங்கள். சுவருக்குள் பைப்பில் போகும் ஒயரில் ஜாயின்டே கூடாது. பாக்ஸைத் திறக்கும் முன் டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் எரியவைத்துச் சரிபார்த்து, மெயினை அணையுங்கள்; பிறகே டெஸ்டரை ஒயரில் வையுங்கள்.